பட்டுவாடாவில் மிஞ்சும் முப்பத்தேழு ரூபாய் எண்பது பைசா

வாசகர் கடிதம்

"கிராமப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எட்டு மாதமாகக் கணக்கராக இருக்கிறேன். 15 நாளுக்கு ஒரு முறை பட்டுவாடா. பொதுக்குழுத் தீர்மானப்படி லிட்டருக்கு 10 பைசா கட்டட நிதிக்குப் பிடிக்கிறோம். மொத்த லிட்டரை 10 பைசாவால் பெருக்கினால் வருவதைவிட, கம்ப்யூட்டர் பட்டியலில் உள்ள பிடித்தம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. கடைசி மூன்று முறை வந்த வித்தியாசம் ரூ.37.80, ரூ.41.40, ரூ.36.00. பைசாவை ரவுண்ட் செய்வதால் வருகிறது என்று நினைத்தேன். செயலாளர், 'பணம் குறைந்தால்தானே கவலை? அனாமத்தில் வை, மார்ச்சில் பலவகை வரவுக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்கிறார். எனக்கு முன்பு இருந்தவர் ஏதாவது செய்துவிட்டுப் போயிருப்பாரோ என்றும் சந்தேகம். தணிக்கையில் இது தெரிந்தால் என் மேல் 87 நடவடிக்கை வருமா? இப்படியே விட்டுவிடலாமா?"

— பெயர் வெளியிட விரும்பாத சங்கக் கணக்கர்

ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கை அலுவலரின் பதில்

அன்புள்ள கணக்கர் அவர்களுக்கு,

விடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று எண்களைப் பார்த்தாலே இது எங்கே இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதற்கு முன், நான் பணியில் இருந்தபோது தணிக்கைக்குப் போன ஒரு சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கதையும் கிட்டத்தட்ட அதுதான்.

அதுவும் பால் சங்கம். 200 உறுப்பினர்கள். அங்கே கட்டட நிதி லிட்டருக்கு 5 பைசா. கணக்கராக இருந்தவர் ஒரு பெண்மணி. கையால் எழுதிய பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு, பட்டுவாடாவுக்குப் பட்டுவாடா அவருக்கும் பிடித்தம் கூடுதலாக வந்தது. ஒரு முறை ரூ.65.25, அடுத்து ரூ.59.76, அதற்கடுத்து ரூ.70.61. அவரும் முதலில் ரவுண்டிங் என்றுதான் நினைத்தார். ஆனால் அதோடு நிறுத்தாமல், ரவுண்டிங்கினால் அதிகபட்சம் எவ்வளவு வர முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். பால் 100 மில்லி வரை அளக்கப்படுகிறது. 5 பைசா வீதத்தில் ஒருவர் கணக்கில் அதிகம் போனால் அரைப் பைசா மிஞ்சும். அதை மேலே தூக்கி ஒரு பைசா ஆக்கினால் ஒரு ஆளுக்கு அரைப் பைசா கூடும். 200 பேருக்கும் அப்படியே கூடினாலும் மொத்தம் ஒரு ரூபாய். அறுபத்தைந்து ரூபாய் எப்படி வரும்? ரவுண்டிங் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

அடுத்து, பழைய கணக்கர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்பதாம் வாய்ப்பாட்டுச் சோதனையைச் செய்தார். புள்ளி ஒரு இடம் தள்ளிப் போனால் சரியான தொகை பத்து மடங்காகும், அல்லது பத்தில் ஒன்றாகும். எப்படி ஆனாலும் சரிக்கும் தப்புக்கும் உள்ள வித்தியாசம், இரண்டில் சிறியதைப் போல ஒன்பது மடங்குதான். அதனால் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்தால் சிறிய தொகை கையில் கிடைக்கும். 65.25-ஐ வகுத்தார், 7.25 வந்தது. 59.76-ஐ வகுத்தார், 6.64 வந்தது. மூன்றாவதான 70.61 வகுபடவில்லை. 7.25 என்றோ 72.50 என்றோ பட்டியலில் ஒரு வரியும் இல்லை. புள்ளிப் பிழை இல்லை போலிருக்கிறது என்று அந்த வழியை விட்டுவிட்டார்.

அங்கேதான் அவர் கொஞ்சம் சறுக்கினார். உண்மையான பிழையோடு ரவுண்டிங்கின் சில பைசாவும் கலந்திருந்தது. முதல் இரண்டு எண்கள் ஒன்பதால் வகுபட்டது தற்செயல். வந்த விடைகளும் சில பைசா தள்ளியே இருந்தன. அவர் 7.25-ஐத் தேடினார், அங்கே இருந்ததோ 7.20. இந்தச் சோதனை துப்புக் கொடுக்கும், ஆனால் வேறு சில்லறை கலந்திருந்தால் துப்பு மங்கிவிடும்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அச்சடித்த பட்டுவாடாப் பட்டியலில் 'பிடித்தம்' என்று ஒரே பத்திதான் இருந்தது. தீவனம், கடன் தவணை, கட்டட நிதி எல்லாம் அதில் ஒன்றாகக் கூட்டி வந்தன. அதில் எழுபது ரூபாய் எங்கே ஒளிந்தாலும் தெரியாது. அவர் கட்டட நிதிக்கு மட்டும் தனிப் பட்டியல் எடுத்தார். பக்கத்துக்கு 25 பேர், எட்டுப் பக்கம். பக்கம் பக்கமாக லிட்டரைக் கூட்டி, 5 பைசாவால் பெருக்கி, அந்தப் பக்கத்தின் பிடித்தத் தொகையோடு ஒத்துப் பார்த்தார். ஏழு பக்கங்களில் வித்தியாசம் நாலைந்து பைசா. ஆறாவது பக்கத்தில் மட்டும் அறுபத்துச் சொச்சம்.

அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து, மர ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தார். 98.5 லிட்டர், 4.93. 121 லிட்டர், 6.05. 144 லிட்டர், 72.00. ஸ்கேல் அங்கேயே நின்றது. பென்சிலால் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். பிறகு நான் தணிக்கைக்குப் போனபோது அந்தத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். 144 லிட்டருக்கு 7.20 பிடித்திருக்க வேண்டும். பிடித்தது 72.00. வித்தியாசம் 64.80. மீதி 45 பைசா, ஊரெல்லாம் சிதறிய ரவுண்டிங்.

காரணமும் கிடைத்தது. அந்த உறுப்பினர் எண் கணவர் பெயரில் இருந்தது. அவர் இறந்த பின் மனைவி பெயருக்கு மாற்றப்பட்டபோது கம்ப்யூட்டரில் புதிய பதிவு போட்டிருக்கிறார்கள். மற்ற 199 பேருக்கும் வீதம் மொத்தமாக 0.05 என்று ஏற்றப்பட்டிருந்தது. இவருக்கு மட்டும் கையால் தட்டவேண்டி வந்தது. திரை ரூபாயில் கேட்டது. தட்டியவர் மனதில் 'ஐந்து பைசா' என்று சொல்லிக்கொண்டு 0.5 என்று தட்டிவிட்டார். அது ஐம்பது பைசா.

அந்த அம்மாவுக்குத் தெரியவே இல்லை. பதினைந்து நாளுக்கு நாலாயிரத்துச் சொச்சம் வரவில், தீவனமும் தவணையும் போன பிறகு கையில் வருவது ஒவ்வொரு முறையும் மாறும். அதில் 65 ரூபாய் குறைந்ததை யார் கண்டுபிடிப்பார்கள்? புள்ளி இரண்டு இடம் தள்ளி லிட்டருக்கு ஐந்து ரூபாய் பிடித்திருந்தால் அன்றைக்கே சங்க வாசலில் வந்து நின்றிருப்பார். ஒரு இடம் தள்ளியதால்தான் பதினொரு பட்டுவாடா வரை அது உயிரோடு இருந்தது. அந்தப் பதினொன்றிலும் அவர் ஊற்றியது 1,583 லிட்டர். லிட்டருக்கு 45 பைசா வீதம் அவருக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது ரூ.712.35.

உங்கள் மூன்று எண்கள்

இப்போது உங்கள் சங்கத்துக்கு வருவோம். உங்கள் வீதம் 10 பைசா என்பதால் உங்களுக்கு ஒரு வசதி. பாலை 100 மில்லி வரை அளந்தாலும் அதற்கான பிடித்தம் முழுப் பைசாவாகவே வரும். ரவுண்ட் செய்ய எதுவுமே இல்லை. ஆகவே ரவுண்டிங் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். அதோடு, ரவுண்டிங் கலக்காததால் உங்கள் எண்கள் சுத்தமாக இருக்கின்றன, ஒன்பது சோதனையை நம்பிச் செய்யலாம்.

37.80-ஐ ஒன்பதால் வகுத்தால் 4.20. 41.40-ஐ வகுத்தால் 4.60. 36.00-ஐ வகுத்தால் 4.00. மூன்றும் மிச்சமின்றி வகுபடுகின்றன. எதேச்சையாக எடுத்த மூன்று எண்கள் மூன்றுமே இப்படி வகுபட 729-க்கு ஒரு வாய்ப்புதான் உண்டு. ஒன்பதால் வகுபடும் எல்லா வித்தியாசமும் புள்ளிப் பிழை ஆகாது. 24-ஐ 42 என்று மாற்றி எழுதினாலும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். ஆனால் அப்படிப்பட்ட எழுத்துப் பிழை ஒரு முறை நடக்கும், போய்விடும். உங்களுடையது ஒவ்வொரு முறையும் வருகிறது, அதுவும் கொஞ்சம் ஏறி இறங்கி வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே தொகையாக வந்திருந்தால், தவணை போன்ற நிலையான பிடித்தம் ஒன்றைச் சந்தேகிக்கலாம். பாலோடு சேர்ந்து ஏறி இறங்குவதால் தப்பு இருப்பது தொகையில் இல்லை, வீதத்தில்.

பிடித்தம் கூடியிருக்கிறது. ஆகவே 10 பைசா பிடிக்க வேண்டிய யாரோ ஒருவருக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் பிடிக்கப்படுகிறது. அப்படியானால் 4.20 என்பது 42 லிட்டருக்கான சரியான பிடித்தம். அடுத்த பட்டுவாடாவில் 46 லிட்டர், அதற்கடுத்து 40 லிட்டர். நாளுக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் கீழோ மேலோ ஊற்றுகிறவர், அனேகமாக ஒற்றை மாடு வைத்திருப்பவர். உங்கள் பட்டியலில் அடுத்தடுத்து 42, 46, 40 லிட்டர் என்று வருகிற உறுப்பினரைத் தேடுங்கள். அவருக்கு நேரே கட்டட நிதிப் பத்தியில் 42.00, 46.00, 40.00 என்று இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. லிட்டர் எண்ணும் ரூபாய் எண்ணும் ஒன்றாகவே இருப்பதால் பார்த்தவுடன் கண்ணில் படும்.

அப்படி ஒருவர் இல்லாவிட்டால் இரண்டு பேராக இருக்கலாம். ஒருவர் 20, இன்னொருவர் 22 லிட்டர் ஊற்றியிருப்பார்கள். அப்போது ஒன்பது சோதனை உதவாது. அந்தக் கணக்கர் செய்ததுபோலப் பக்கம் பக்கமாகப் போங்கள். ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டாலும், எல்லாப் பக்கங்களையும் ஒரு முறை ஒத்துப் பார்த்து முடித்துவிடுங்கள்.

"பணம் கூடத்தானே இருக்கிறது?"

உங்கள் செயலாளர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பணம் குறைந்தால் தன் கையிலிருந்து போடவேண்டி வருமோ என்ற பயத்திலேயே பல வருடம் வேலை பார்த்தவர்கள், கூடினால் நிம்மதியாகி விடுவார்கள். ஆனால் பால் பணத்தில் பிடித்தம் கூடினால், அந்தப் பணம் ஒரு உறுப்பினரின் கையில் போயிருக்க வேண்டியது. சங்கத்துக்கு அது வருமானமே இல்லை, கடன். அனாமத்தில் வைத்தது தப்பில்லை. காரணம் தெரியாத தொகைக்கு அதுதான் இடம். பலவகை வரவுக்கு மாற்றினால்தான் சிக்கல். அது ஆண்டு இலாபத்தில் சேர்ந்து போகும். அடுத்த ஆண்டு அதை யாருக்குத் திருப்பித் தருவது என்று கேட்டால் பதில் சொல்லப் பேரேட்டில் தடயமே இருக்காது.

முன்பிருந்தவரைப் பற்றிய சந்தேகத்தையும் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். பணம் எடுத்தவர் விட்டுச்செல்வது பற்றாக்குறையை, அல்லது எல்லாம் ஒத்துப்போவதாகக் காட்டும் கணக்கை. உங்களிடம் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். பட்டியலில் உள்ள நிகரத் தொகைதான் உறுப்பினர்களின் வங்கிக் கணக்குக்குப் போகிறது என்றால், கூடுதலாகப் பிடித்தது சங்கத்திலேயே நின்றிருக்கும். அது இருந்தால் யாரும் எதையும் எடுக்கவில்லை. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டிவிட்டால், பிறகு வார்த்தையைத் திரும்பப் பெற முடியாது.

87 நடவடிக்கை பற்றி

1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 87-ஆவது பிரிவு தண்டத்தீர்வை பற்றியது. பணத்தைக் கையாடினால், நம்பிக்கை மோசடி செய்தால், வேண்டுமென்றே காட்டிய அலட்சியத்தால் சங்கத்துக்கு இழப்பு வந்தால் அந்தத் தொகையை வசூலிக்க அது வழி செய்கிறது. நீங்கள் சேர்வதற்கு முன்பே யாரோ தட்டிய ஒரு புள்ளிக்காக அது உங்கள் மேல் பாயாது. இங்கே சங்கத்துக்கு இழப்பும் இல்லை. ஆனால் இன்றைக்கு உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பல மாதம் ஒரு உறுப்பினரிடம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டே இருந்து, அதை வருமானத்தில் கரைத்தால், நாளைக்கு அவர் புகார் கொடுத்து அதே சட்டத்தின் 81-ஆவது பிரிவில் விசாரணை வரும்போது 'தெரியாமல் நடந்தது' என்று உங்களால் சொல்ல முடியாது. உங்களுக்கு ஆபத்து இருப்பது அந்தப் பிழையில் இல்லை, அதற்குப் பிறகு வரும் மௌனத்தில்.

செய்ய வேண்டியது

கண்டுபிடித்த அன்றே செயலாளருக்கு எழுத்தில் ஒரு குறிப்பு கொடுங்கள். உறுப்பினர் எண், பிடித்திருக்க வேண்டிய வீதம், பிடித்த வீதம், எந்தத் தேதியிலிருந்து என்று நாலு வரி போதும். அவர் கையெழுத்தோடு ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். வீதத்தைத் திருத்தும் முன் அந்தப் பழைய திரையை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். பலர் ஆர்வத்தில் முதலில் திருத்திவிடுகிறார்கள், அப்புறம் தப்பு எப்படி இருந்தது என்று காட்ட ஆதாரம் இருக்காது.

திருப்பித் தர வேண்டிய தொகையை நீங்கள் சேர்ந்த எட்டு மாதத்துக்கு மட்டும் போடாதீர்கள். அந்தப் பதிவு தொடங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு பட்டுவாடாவாக, அவர் ஊற்றிய லிட்டரை 90 பைசாவால் பெருக்கிப் பட்டியல் போடுங்கள். சராசரி வேண்டாம். அவரிடம் உள்ள பால் அட்டையோடும் ஒத்துப் பாருங்கள்.

பழைய பதிவுகளுக்குள் போய் எண்ணை மாற்றாதீர்கள். கணக்கு முடிந்து தணிக்கையான ஆண்டு என்றால் அதைத் தொடவே கூடாது. இன்றைய தேதியில் ஒரு மாற்றுப் பதிவு போடுங்கள். உங்கள் காலத்தில் அனாமத்தில் நிற்கும் தொகைக்கு அனாமத்தில் பற்று. அதற்கு முன் கட்டட நிதியிலேயே சேர்ந்துவிட்டதற்குக் கட்டட நிதியில் பற்று. இரண்டும் சேர்ந்து அந்த உறுப்பினருக்குச் செலுத்த வேண்டிய பால் பணத்தில் வரவு. விவரத்தில் காரணத்தை முழுதாக எழுதுங்கள். நிர்வாகக் குழுவில் வைத்துத் தீர்மானம் போட்ட பிறகு பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். தணிக்கையாளர் வரும்போது கோப்பை நீங்களாகவே எடுத்துக் கொடுங்கள். என் அனுபவத்தில், கணக்கரே கண்டுபிடித்துத் திருத்திய பிழையைப் பார்த்தால் மற்ற பக்கங்களின் மேலும் நம்பிக்கை வரும்.

செயலாளர் மறுத்தால், அதே குறிப்பைத் தலைவருக்கு எழுதி, குழுக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். எழுதிய தாள் கோப்பில் இருந்தாலே பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

அந்த உறுப்பினரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் சொன்ன சங்கத்தில் அந்தக் கணக்கர் காலைப் பால் எடுக்கும் நேரத்தில், வரிசை கலைந்த பிறகு, அந்த அம்மாவைக் கூப்பிட்டு வட்டம் போட்ட வரியைக் காட்டினார். அவருக்கு எழுத்து தெரியாது. "ஏழு ரூபாய் இருபது பைசா பிடிக்கணும், எழுபத்திரண்டு ரூபாய் பிடிச்சிட்டோம்மா" என்று சொன்னதும், "ஒவ்வொரு தடவையுமா?" என்று கேட்டாராம். அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதற்குப் பதில் சொல்லத் தாளில் பதினொரு வரியும் தயாராக இருந்தது.

திருத்திய பிறகு, பெயர் மாற்றம் ஆனவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், அட்டை தொலைந்து புது எண் வாங்கியவர்கள் எல்லோருடைய பதிவையும் திறந்து வீதத்தைப் பாருங்கள். கையால் தட்டப்பட்டவை அவைதான். அங்கே 10 பைசாவுக்கு 0.01 என்று யாருக்காவது இருந்தால் அவரிடம் குறைவாகப் பிடித்திருப்பீர்கள், இன்னொருவரிடம் கூடுதலாகப் பிடித்ததை அது கொஞ்சம் மறைத்துக்கொண்டும் இருக்கலாம். எல்லாம் சரியானபின், அடுத்த பட்டுவாடாவில் மொத்த லிட்டரை 10 பைசாவால் பெருக்கிப் பாருங்கள். உங்கள் வீதத்துக்கு ஒரு பைசாகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் நீங்கள் இன்னும் திறக்காத பதிவு ஒன்று இருக்கிறது.